பால் ஆப்புக்கு மாடு கத்துற சத்தம் வைக்கலாமுங்களா?

"பொள்ளாச்சிப் பக்கம் வீடு வீடா பால் ஊத்துறோமுங்க. அளவு குறையாதுங்கறதுதான் எங்க பேரு. பால் வெச்சதும் ஆப்புல ஒரு சத்தம் வரணும். மாடு கத்துறதா, நாதஸ்வரமா?"

ரெண்டும் வேண்டாமுங்க. மாட்டுக் குரலின் கனமே கீழ்ச் சுருதியில்தான் இருக்கு, போன் ஸ்பீக்கரோ சுமார் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே தேஞ்சு போய்விடும், அதனால் வாடிக்கையாளர் காதில் விழுவது மாடு இல்லை, ஏதோ கரகரப்பு. தவிர மாடு என்றால் பால் என்று தெரியும், உங்கள் பால் என்று தெரியாது. நாதஸ்வரம் விடியக்காலை அஞ்சு மணிக்குக் கல்யாண வீட்டைத்தான் ஞாபகப்படுத்தும்.

உங்கள் பேரு அளவு என்றால் சத்தமும் அதையே சொல்லட்டும். வீட்டுத் தூக்குப்போசியைக் காலியாகப் பிடியில் தொங்கவிட்டு, கரண்டியால் பக்கவாட்டில் தட்டுங்கள், 'டிங்' என்று வரும். அப்புறம் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி அதே இடத்தில் தட்டினால் சுருதி இறங்கி 'டொங்' என்று வரும். தண்ணீரின் எடை சுவரோடு சேர்ந்து அதிர்வதால் அதிர்வு மெதுவாகிறது. காலி, அப்புறம் நிறைவு. போசி நிறைஞ்ச கதை அரை நொடியில் முடிந்தது. (கையில் ஏந்திக்கொண்டு தட்டாதீர்கள், சத்தம் செத்துவிடும்.)

இதில் ஒரு வம்பு இருக்கு. மேலிருந்து கீழே இறங்கும் ரெண்டு தட்டு காலிங் பெல் மாதிரியே கேட்கும், ஆள் எழுந்து கதவைத் திறப்பார். அதனால் காலிப் போசியில் சட்டென்று ரெண்டு தட்டு, நிறைந்ததில் நிதானமாக ஒரு தட்டு என்று தாளத்தை மாற்றுங்கள், மொத்தம் ஒரு நொடியைத் தாண்ட வேண்டாம். ஸ்டுடியோ ஸ்பீக்கரில் கேட்டு முடிவு பண்ணாதீர்கள். விலை குறைந்த போனில் போட்டு, மிக்ஸி ஓடும்போது அடுத்த ரூமிலிருந்து கேளுங்கள். உங்கள் தொழில் தெரியாத பத்துப் பேரிடம் "இது என்ன?" என்று கேளுங்கள். 'பாத்திரம்' என்று பாதிப் பேர் சொன்னாலே போதும். 'பெல்' என்று சொன்னால் தாளத்தை இன்னும் மாற்றணும்.

இந்தச் சத்தம் பால் வெச்சதுக்கு மட்டும். பில், ஆஃபர் எல்லாத்துக்கும் இதையே அடித்தால் ஒரே வாரத்தில் மியூட் பண்ணிடுவாங்க. அதுக்கெல்லாம் தனி நோட்டிஃபிகேஷன் சேனல், அதாவது தனிச் சத்தம் வைக்கக்கூடிய அறிவிப்பு வகை, போடும்படி ஆப் செய்பவரிடம் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு 8-லிருந்து ஒரு நோட்டிஃபிகேஷன் சேனலை உருவாக்கிய பிறகு அதன் சத்தத்தை ஆப் மாற்ற முடியாது, பயனர்தான் மாற்றலாம். மாற்றியே ஆகணும் என்றால் புது ஐடியில் புதுச் சேனல் போடணும். அதனால் சத்தம் முடிவாகும் வரை அப்டேட்டை வெளியிட வேண்டாமுங்க.