நாலாம் வகுப்பிலேயே தீர்ப்பா?

கேள்வி: ஜெர்மனியில் பத்து வயதிலேயே திறமையைப் பார்த்துப் பிள்ளைகளை வேறு வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். நாமும் அப்படிச் செய்தால் நேரம் மிச்சமாகுமே?
– வாசகர், ஈரோடு

பதில்: யாருக்கு மிச்சம்? பள்ளிக்கூடத்துக்கு வேண்டுமானால் மிச்சம். பிள்ளையிடமிருந்து அது பறித்த நேரம்.

பவேரியா மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலாம் வகுப்பில், மே மாதத் தொடக்கத்தில் ஒரு சான்றிதழ் கையில் வரும். ஜெர்மன், கணக்கு, சுற்றுப்புறப் பாடம் மூன்றின் சராசரி அதில் இருக்கும். அங்கே 1 தான் உயர்ந்த மதிப்பெண், 6 கடைசி. சராசரி 2.33க்குள் இருந்தால் ஜிம்னாசியம், பல்கலைக்கழகத்துக்கு நேர்வழி. 2.66 வரை ரியல்ஷூலே, நடுத்தரப் பாதை. அதையும் தாண்டினால் மிட்டல்ஷூலே, பெரும்பாலும் தொழிற்பயிற்சிக்குப் போகிற பாதை. 2, 2, 3 வாங்கிய பிள்ளை ஜிம்னாசியம் போகும். 2, 3, 3 வாங்கிய பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் போதாது. மூன்று நாள் சோதனை வகுப்பில் உட்கார்ந்து தேற வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவே இருப்பது ஒரே பாடத்தில் ஒரு படி.

அந்த ஒரு படியை எது ஏற்றுகிறது? வீட்டில் யார் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுரையைத் திருத்துகிறார்கள், அம்மா அப்பாவுக்கு ஜெர்மன் தாய்மொழியா, டியூஷனுக்குக் காசு இருக்கிறதா என்பதெல்லாம்தான். டியூஷனைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் சண்டைக்கு வருகிற வாசகர்களே, இதற்கும் வாருங்கள்! பின்னால் பாதை மாறலாம் என்பார்கள். வழி இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதைத் தேடிப் பிடிக்கவும் விவரம் தெரிந்த வீடு வேண்டும்.

பின்லாந்திலும் 11 வயதில் பிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1972 முதல் 1977 வரை, வடக்கிலிருந்து தொடங்கி ஊர் ஊராக, அதை 16 வயதுக்குத் தள்ளினார்கள். பிற்பாடு ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது, அப்பாவின் வருமானம் மகனின் வருமானத்தைத் தீர்மானிக்கிற பிடி கிட்டத்தட்டக் கால் பங்கு தளர்ந்திருந்தது.

ஜெர்மனியிலேயே ஹாம்பர்க் நகரமும் 2010இல் முயன்றது. தொடக்கப் பள்ளியை 4 ஆண்டிலிருந்து 6 ஆக்கி, பிள்ளைகளைக் கூடுதலாக இரண்டு ஆண்டு ஒன்றாக உட்கார வைப்பது திட்டம். நகரச் சட்டமன்றத்தில் எல்லாக் கட்சியும் ஆதரவு. எதிர்த்த பெற்றோர் கையெழுத்து திரட்டிப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். வசதியான பேட்டைகளில் வரிசையாக வந்து ஓட்டுப் போட்டார்கள். ஏழைப் பேட்டைகளில் வாக்குப்பதிவு மிகக் குறைவு. குடியுரிமை இல்லாத புலம்பெயர்ந்த பெற்றோருக்கோ ஓட்டே கிடையாது. யாருடைய பிள்ளைக்காகத் திட்டம் வந்ததோ, அவர்கள் சொல்லாமலேயே அது தோற்றுவிட்டது. ஹாம்பர்க்கில் தொடக்கப் பள்ளி இன்றும் 4 ஆண்டுதான்.