பில்லில் உள்தணிக்கையாளர் கையெழுத்து: மூன்று வரிசை முறையில் யாருடைய வேலை எது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் தேயிலை பேக்டரியில் சிறு விவசாயிகளின் இலை பில் ஒவ்வொன்றையும் இன்டர்னல் ஆடிட்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம் போகிறது. இப்போது ரிஸ்க், கம்ப்ளையன்ஸ் பார்க்க தனியாக ஒருவரை எடுத்திருக்கிறார்கள். அவர் என்ன செய்ய வேண்டும், ஆடிட்டர் என்ன செய்ய வேண்டும், மேனேஜருக்கு என்ன பொறுப்பு?

பதில்:

முதலில் அந்தக் கையெழுத்தை நிறுத்துங்கள். பணம் போவதற்கு முன் ஒப்புதல் தருவது நிர்வாகத்தின் வேலை. அதை ஆடிட்டர் செய்தால் அவரும் வேலையை நேரடியாக நடத்துகிற முதல் வரிசை ஆள் ஆகிவிடுகிறார். பிறகு இலைக் கொள்முதலைத் தணிக்கை செய்ய உங்களிடம் ஆளே இருக்காது, ஏனென்றால் தான் கையெழுத்துப் போட்ட பில்லில் தப்பு என்று யாரும் எழுத மாட்டார்கள்.

உள்தணிக்கையாளர்களின் உலக அமைப்பான ஐ.ஐ.ஏ 2020 ஜூலையில் வெளியிட்ட மூன்று வரிசை மாதிரியில் வேலையை நடத்தும் முதல் வரிசை, ரிஸ்கைக் கண்காணிக்கும் இரண்டாம் வரிசை இரண்டுமே நிர்வாகத்தைச் சேர்ந்தவை. உங்கள் புதிய ரிஸ்க் அதிகாரியும் எம்.டி.க்குக் கீழே வருகிறவர்தான். நிர்வாகத்துக்கு வெளியே நின்று போர்டுக்கு நேரே பதில் சொல்வது மூன்றாம் வரிசையான உள்தணிக்கை மட்டும். சின்ன இடங்களில் முதல் இரண்டு வரிசையையும் ஒருவரே பார்க்கலாம், மாதிரி அதற்கு இடம் தருகிறது. மூன்றாவதை அவற்றோடு கலந்தால்தான் சிக்கல்.

இலை எடையையே எடுத்துக்கொண்டால் இது நன்றாகப் புரியும். ஒரு பேச்சுக்கு, இலை வாங்கும் ஒரு ஷெட்டில் 40 விவசாயிகள், ஆளுக்குச் சராசரி 50 கிலோ, நாளைக்கு 2,000 கிலோ என்று வைப்போம். ஷெட்டில் எடை போடுகிறவர் ஈர இலை என்று சொல்லி ஒவ்வொருவரிடமும் 3 கிலோ கூடுதலாகக் கழிக்கிறார். மொத்தம் 120 கிலோ. அதைத் தன் உறவுக்காரரின் இலைக் கணக்குப் பாஸ் புக்கில் ஏற்றிவிடுகிறார். பாஸ் புக் கூட்டுத்தொகை அதே 2,000 கிலோதான். லாரி பேக்டரிக்கு வந்ததும் 1,975 கிலோ நிற்கிறது. வழியில் காய்ந்து குறைவதற்கு 2 சதவீதம் வரை நீங்கள் அனுமதித்திருந்தால், குறைந்தது 1.25 சதவீதம்தான், யாரும் கேட்கமாட்டார்கள். மாதத்தில் 20 நாள் நடந்தால் 2,400 கிலோ. கிலோவுக்கு 25 ரூபாய் என்றால் 60,000 ரூபாய்.

இப்போது ஆடிட்டர் பில்லைப் பார்க்கிறார். எடை பெருக்கல் விலை, கழித்தல் உரத்துக்குக் கொடுத்த முன்பணம், எல்லாம் சரி. கையெழுத்துப் போடுகிறார். காகிதத்தில் தப்பு இல்லை, தப்பு தராசுப் பக்கத்தில் நடந்தது. பில்லைப் பார்ப்பதால் இது ஒருநாளும் பிடிபடாது. விவசாயி ஒருவர் முறையிட்டால், ‘ஆடிட்டர் பார்த்த பில்தானே’ என்று மேனேஜரும் நகர்ந்துவிடலாம்.

இதை முதலில் தடுக்க வேண்டியவர்கள் ஷெட் ஆள், லீஃப் சூப்பர்வைசர், மேனேஜர். தராசின் எண்கள் விவசாயி பக்கம் தெரிய வேண்டும். சீட்டில் மொத்த எடை, சாக்கு எடை, ஈரக் கழிவு மூன்றும் தனித்தனியாக வர வேண்டும். ஒரே எண்ணாக நிகர எடை மட்டும் எழுதுகிற சீட்டுதான் இந்த மோசடிக்கு வழிவிடுகிறது. எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை எடையளவுத் துறையின் முத்திரை வேண்டும், அந்தத் தேதியைப் பார்ப்பதும் இவர்கள் வேலை. கழிவு தப்பாகப் போனால் பதில் சொல்ல வேண்டியவர் மேனேஜர். அந்தப் பொறுப்பு ரிஸ்க் அதிகாரிக்கு மாறாது.

ரிஸ்க் அதிகாரி கழிவு விதியை எழுதுகிறார்: எந்த நிலையில் எத்தனை சதவீதம், அதற்கு மேல் போக யார் அனுமதி வேண்டும். பிறகு வாரம் ஒருமுறை ஷெட் வாரியாகக் கழிவையும் மழைமானிப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். மழை நாளிலும் வெயில் நாளிலும் ஒரே 6 சதவீதம் நிற்கிற ஷெட்தான் முதல் சந்தேகம். அந்தந்தப் பக்கத்து மழையைத்தான் எடுக்க வேண்டும். ஜூலையில் கூடலூர், மஞ்சூர் பக்கம் தென்மேற்கு மழை கொட்டும்போது கோத்தகிரியில் பல நாள் காய்ந்து கிடக்கும், இங்கே பெரிய மழை அக்டோபருக்குப் பிறகுதான். பேக்டரிக்கு மொத்தமாக ஒரே கழிவு வைத்தால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது.

அடுத்தது பாஸ் புக்கில் எழுதிய நிலப்பரப்பு. அரை ஏக்கர் வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோரும் மாதம் 150, 200 கிலோ கொடுக்க, ஒருவர் பெயரில் 2,400 கிலோ ஏறினால் தெரிந்துவிடும். மூன்று பாஸ் புக்கில் பிரித்து ஏற்றினாலும் தலைக்கு 800 நிற்கும். ஆனால் நிலப்பரப்பு பழைய பதிவாக இருந்தாலோ, குத்தகைத் தோட்டம் சேர்க்காமல் விட்டிருந்தாலோ நல்லவர்மேலும் சந்தேகம் விழும். அதனால் இந்தப் பட்டியல் விசாரிக்கத் தொடங்குவதற்குத்தான், யாரையும் நிறுத்திவைக்க அல்ல.

இங்கே வழக்கமாக ஒரு சறுக்கல் வரும். வித்தியாசத்தைக் கண்டதும் ரிஸ்க் அதிகாரியே ஷெட்டுக்குப் போய்க் கழிவைத் திருத்திவிட்டு வருவார். உதவிதான், ஆனால் மறுவாரம் அவர் பார்ப்பது தன் சொந்த எண்ணை. அவர் மேனேஜரைக் கேட்க வேண்டும், மேனேஜர் திருத்த வேண்டும். மேனேஜர் மறுத்தால் விஷயம் எம்.டி.யிடம் போகும். ரிஸ்கை ஏற்பதா இல்லையா என்று முடிவெடுத்து எழுத்தில் தருவது எம்.டி.

ஆடிட்டர் வருடத்துக்கு இரண்டு தடவை, சொல்லாமல், தானே தேர்ந்தெடுத்த ஷெட்டுக்குப் போகட்டும். எடை போட்டு முடித்த சாக்குகளில் பத்தை மறுபடி எடை போட்டு சீட்டோடு ஒப்பிடட்டும். அதிகம் இலை ஏறும் பாஸ் புக்குகளில் சிலவற்றின் தோட்டத்தை நேரில் பார்க்கட்டும். ரிஸ்க் அதிகாரியின் வாரப் பட்டியலையும் சோதிக்க வேண்டும்: பட்டியல் உண்மையில் வாராவாரம் போட்டதா, மாதக் கடைசியில் சேர்த்து எழுதியதா? சந்தேகம் என்று குறித்த ஷெட்டில் பிறகு என்ன நடந்தது? பெரும்பாலும் ஓட்டை இந்தக் கடைசிக் கேள்வியில்தான் இருக்கும். எம்.டி. ஏற்றுக்கொண்ட ரிஸ்க் பேக்டரி தாங்கக்கூடியது இல்லை என்று ஆடிட்டருக்குப் பட்டால், எம்.டி.யோடு பேசிவிட்டு போர்டுக்கே எடுத்துப் போகலாம். அந்த வழி அவருக்கு உண்டு. அவர் சம்பளமும் மதிப்பீடும் மேனேஜர் கையில் இருந்தால் அந்த வழி காகிதத்தில்தான் இருக்கும்.

மாற்றுவதற்கு, பில் ஒப்புதலை அக்கவுண்ட்ஸ் அதிகாரிக்குக் கொடுத்து போர்டில் தீர்மானமாகப் பதியுங்கள். 2025 ஜனவரி 9 முதல் நடைமுறையில் இருக்கும் ஐ.ஐ.ஏ தரநிலைகளின்படி, ஒருவர் தான் பொறுப்பில் இருந்த வேலையை 12 மாதம் கழியாமல் தணிக்கை செய்யக்கூடாது. எனவே இந்த ஆடிட்டர் ஒரு வருடம் இலை பில் பக்கம் வரக்கூடாது, கிடங்கு, விறகு, ஏல விற்பனை என்று மற்றதைப் பார்க்கட்டும். அந்த ஒரு வருடத்துக்கு இலைக் கொள்முதலை மட்டும் வெளி சி.ஏ. ஒருவரிடம் கொடுங்கள். உங்களுடையது கம்பெனியாகப் பதிவானது என்றால் உங்கள் சட்டத் தணிக்கையாளரிடம் கொடுக்க முடியாது, 2013 கம்பெனிச் சட்டத்தின் 144-வது பிரிவு அதைத் தடுக்கிறது.