216 வெள்ளி வித்தியாசம். தேட வேண்டியது 108

கேள்வி: ஐயா, மாதச் செலவை எக்செல் தாளில் எழுதி வைப்பது என் பழக்கம். தீபாவளி மாதத்தில் என் கூட்டுத்தொகை 742.35 வெள்ளி. வங்கி அனுப்பிய கடன்பற்று அட்டை அறிக்கையிலோ கட்ட வேண்டியது 526.35 வெள்ளிதான். வித்தியாசம் சரியாக 216. இணையக் கடையில் இரண்டு சேலை வாங்கியதற்குக் கொடுத்ததும் அதே 216. வங்கி அதை விட்டுவிட்டதா என்று பார்த்தேன், அறிக்கையில் இருக்கிறது. நானும் ஒரே தடவைதான் எழுதியிருக்கிறேன். ஒரு சேலையைத் திருப்பி அனுப்பியதையும் பதிவு செய்துவிட்டேன். 120 வெள்ளிச் சேலைக்கு 108தான் திரும்பி வந்தது, அது வேறு மனக்குறை. என் பட்டியலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எங்கே தவறினேன்?
வாசகி, தெம்பனிஸ்

பதில்: அந்த 216 வெள்ளிச் சேலை வரியை விட்டுவிடுங்கள் அம்மா, அதன்மேல் குற்றமில்லை. வித்தியாசத்தை இரண்டால் வகுத்துப் பாருங்கள்: 108. நீங்கள் அனுப்பிய பட்டியல் இதோ, ஆறாவது வரியைப் பாருங்கள்:

```
மளிகை               186.40
சேலை (2)            216.00
மின்சாரம், தண்ணீர்     132.75
கைத்தொலைபேசி        38.00
பஸ், எம்ஆர்டி         61.20
சேலை திரும்பியது     108.00
```

அந்த 108க்கு முன்னால் கழித்தல் குறி இல்லை. எக்செலுக்குத் தமிழ் தெரியாது. ‘திரும்பியது’ என்று பக்கத்தில் எழுதியிருப்பதை அது படிப்பதில்லை. எண்ணை மட்டும் பார்த்து, இன்னொரு 108 வெள்ளி செலவு என்று கூட்டிவிட்டது.

அப்படியானால் வித்தியாசம் 108தானே வர வேண்டும், ஏன் 216 என்று கேட்பீர்கள். உங்கள் புளோக்கின் மின்தூக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது மாடியிலிருந்து மூன்று மாடி இறங்க வேண்டியவர் தவறுதலாக மூன்று மாடி ஏறிவிட்டால், சேர வேண்டிய இடத்திலிருந்து ஆறு மாடி தள்ளி நிற்பார். நீங்கள் வாங்கியவை மட்டும் 634.35. அதிலிருந்து 108 இறங்கினால் 526.35, வங்கி சொல்லும் தொகை. 108 ஏறியதால் 742.35. கழிய வேண்டியது கழியாமல் போனது ஒரு 108, கூடக் கூடாதது கூடியது இன்னொரு 108.

உங்களைக் குழப்பியது தற்செயல்தான். ஒரே விலையில் இரண்டு வாங்கி ஒன்றைத் திருப்பினால், திரும்பிய தொகையின் இரு மடங்கு, வாங்கிய தொகைக்கே சமமாகிவிடும். அதனால்தான் சந்தேகம் நேராகச் சேலை மீது போயிற்று. பொதுவாக இந்தத் தவறு தரும் வித்தியாசம் பட்டியலில் எந்த வரியிலும் இருக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 90 வெள்ளியை நள்ளிரவு வரை தேடியிருக்கிறேன். 45 என்ற வரி கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது.

ஆறாவது வரியை -108.00 என்று மாற்றுங்கள், கணக்கு நேராகிவிடும். சரிபார்க்க, எண்கள் B2 முதல் B7 வரை இருப்பதாக வைத்துக்கொண்டு, ஒரு காலிக் கட்டத்தில் இதை எழுதுங்கள்:

```
=SUMIF(B2:B7,"<0")
```

கழிவுகளின் மொத்தத்தை மட்டும் இது காட்டும். -108 வந்தால் நல்லது. 0 வந்தால், திரும்பிய பணம் எதுவும் உங்கள் கணக்கில் கழியவில்லை என்று பொருள்.

கையால் எழுதாமல் அறிக்கையிலிருந்து நகலெடுத்து ஒட்டும் பழக்கம் இருந்தால் வேறொரு வகைத் தவறு நேரும். வங்கி அறிக்கைகளில் வரவுத் தொகையைப் பெரும்பாலும் 108.00CR என்று அச்சிடுவார்கள். அதை அப்படியே ஒட்டினால் எக்செல் அதை எண்ணாகவே கருதாது. சொல் என்று நினைத்து, SUM கூட்டும்போது ஓசையில்லாமல் தாண்டிப் போய்விடும். அப்போது மொத்தம் 634.35 என்று நிற்கும், வித்தியாசம் ஒரே 108. ஆக, வித்தியாசம் திரும்பிய தொகைக்குச் சமமென்றால் அந்த வரி விடுபட்டிருக்கலாம். இரு மடங்கென்றால் குறி தலைகீழாகியிருக்கலாம். கண்ணாலும் பிடிக்கலாம்: நீங்கள் எதையும் மாற்றி அமைக்காத தாளில் எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், சொல்லாகிப் போனது இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும். எழுத்துகளை அழித்து, முன்னால் கழித்தல் குறி போட்டால் போதும்.

இனி அந்த 12 வெள்ளி. கடை உங்களை ஏமாற்றவில்லை. இரண்டு சேலை 240, அதில் 10 விழுக்காடு தள்ளுபடி 24, நீங்கள் கொடுத்தது 216. தள்ளுபடி இரண்டு சேலைக்கும் சமமாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் 12. ஆகவே ஒரு சேலைக்காக உங்கள் பணப்பையை விட்டுப் போனது 108. அதுதான் திரும்பி வந்தது. 120 வந்திருந்தால், கையிலிருக்கும் சேலை உங்களுக்கு 96க்குக் கிடைத்ததாக ஆகியிருக்கும். கடைக்காரர் அதற்கு ஒப்புக்கொள்வாரா?

‘200 வெள்ளிக்கு மேல் வாங்கினால் 20 குறைப்பு’ போன்ற சலுகைகளில் மட்டும் விதியைப் படித்துவிட்டுத் திருப்புங்கள். ஒன்றைத் திருப்பியதும் மிச்சம் 200க்குக் கீழே போனால், முழு 20ஐயும் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும் கடைகள் உண்டு.

உங்கள் அறிக்கையில் இன்னொரு CR வரியும் இருந்திருக்கும்: போன மாத பாக்கிக்கு நீங்கள் கட்டிய பணம். அதுவும் கழிவாகத்தான் நிற்கும், ஆனால் அதைச் செலவுப் பட்டியலில் சேர்க்காதீர்கள். போன மாதம் 480 வெள்ளி கட்டியிருந்தீர்கள் என்று வையுங்கள். வங்கி பழைய பாக்கி 480ஐ மேலே எழுதி, கட்டிய 480ஐக் கழிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. உங்கள் தாளில் பழைய பாக்கி இல்லை. கட்டியதை மட்டும் கழித்தால் தீபாவளி மாதச் செலவு வெறும் 46.35 என்று வரும். சேலை திரும்பியது செலவைக் குறைக்கிறது. கட்டிய பணம் கடனைத்தான் குறைக்கிறது.

கடைசியாக ஒன்று, ஏனெனில் அடுத்த முறை இப்படி நடக்கக்கூடும். திரும்பும் பணம் பதிவாவதற்கு முன்பே அறிக்கை வந்துவிட்டால், அதில் கட்ட வேண்டிய தொகை 634.35 என்று இருக்கும். 108 எப்படியும் வரத்தானே போகிறது என்று நீங்களாகக் கழித்துக்கொண்டு 526.35 மட்டும் கட்டாதீர்கள். கெடு நாளுக்குள் முழுத்தொகையும் போய்ச் சேராவிட்டால் வங்கி வட்டி போடும். முழுவதும் கட்டிவிடுங்கள், 108 அடுத்த அறிக்கையில் உங்கள் பக்கம் வரவாக நிற்கும். உங்கள் தாளிலும் அந்த அடுத்த மாதம் ‘சேலை’ வரி -108 என்று காட்டும். செலவு எப்படிப் பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று பயந்து அதைத் திருத்திவிடாதீர்கள். போன மாதம் அதே வரியில் 216 நிற்கிறது.