ஆறு மாதக் கொட்டேஷன்: யூரோ ஏறினால் யார் தலையில்?

கேள்வி: கோவையில் சிறிய இயந்திரப் பட்டறை வைத்திருக்கிறோம். 45 லட்ச ரூபாய் இயந்திரத்துக்கு ஆறு மாதம் செல்லும் கொட்டேஷன் கேட்கிறார்கள். உள்ளே போகும் மோட்டாரும் கண்ட்ரோலரும் ஜெர்மனியிலிருந்து 20,000 யூரோவுக்கு வருகின்றன. ரேட்டை நிர்ணயித்து, ஏற்ற இறக்கத்தைப் பங்குபோடலாம் என்று பார்ட்டியிடம் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அந்த 20,000 யூரோவுக்கு மட்டும். உள்ளூர் இரும்புக்கும் கூலிக்கும் யூரோவோடு சம்பந்தமில்லை. மொத்த விலைக்கும் ஷரத்து போட்டால் பார்ட்டியின் கணக்காளர் முதல் வாசிப்பிலேயே அடித்துவிடுவார்.

அடிப்படை ரேட் 100 ரூபாய் என்று வைப்போம். மேலோ கீழோ 2 ரூபாய் வரை உங்கள் பொறுப்பு. அதைத் தாண்டினால் பாதிப் பாதி. பணம் அனுப்பும் நாளில் யூரோ 108 என்றால், தாண்டிய 6 ரூபாய்க்கு மொத்தம் 1,20,000. அதில் 60,000 பார்ட்டி தருவார். உங்கள் கையை விட்டுப் போவது, முதல் 2 ரூபாய்க்கான 40,000 சேர்த்து ஒரு லட்சம். யூரோ 92-க்கு இறங்கினால் அதே 60,000-ஐ நீங்கள் பில்லில் குறைக்க வேண்டும். இதை எழுதாமல் விட்டால் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

எந்த ரேட் என்பதையும் எழுதுங்கள். வெறுமனே 'வங்கி ரேட்' என்றால் சண்டைதான். ஒவ்வொரு வங்கியும் தன் லாபத்தை ரேட்டுக்குள்ளேயே ஒளித்து வைக்கிறது. எவ்வளவு என்று கிளையில் கேட்டால் இத்தனை வருடத்தில் எனக்கு நேரான பதில் கிடைத்ததில்லை. ஃபைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா என்ற நிறுவனம் வேலை நாள்தோறும் வெளியிடும் எஃப்.பி.ஐ.எல். குறிப்பு ரேட்டை வைத்தால் இருவரும் சரிபார்க்கலாம்.

எந்த நாள் என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். இயந்திரம் டெலிவரி ஆகும் நாளல்ல, ஜெர்மனிக்குப் பணம் போகும் நாள். ஆர்டரோடு 6,000 யூரோ முன்பணம் அனுப்பினால் அதன் கணக்கு அன்றே முடிந்தது. பிறகு யூரோ எவ்வளவு ஏறினாலும் மீதி 14,000-க்கு மட்டுமே கேட்க முடியும். முன்பணத்தை மறந்து முழு 20,000-க்கும் பில் போட்டு, நல்ல பார்ட்டியை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் தவணைக்குத் தவணை தனிக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் வங்கியின் டெபிட் அட்வைஸ் நகல்.

'கொட்டேஷன் கொடுத்த அன்றே ஃபார்வர்டு புக் பண்ணிவிடுங்கள்' என்று கமிஷன் ஏஜெண்டுகள் வருவார்கள். ஃபார்வர்டு என்றால், பின்னால் வாங்கப்போகும் யூரோவுக்கு இன்றே வங்கியோடு ரேட்டை முடித்துக்கொள்வது. ஆனால் கொட்டேஷன் ஆர்டர் அல்ல. ஆர்டர் வராமல் போய், யூரோவும் இறங்கியிருந்தால், ரத்து செய்யும்போது வித்தியாசம் முழுக்க உங்கள் தலையில். ஏஜெண்ட் அப்போது போனை எடுக்கமாட்டார். ஆர்டர் கையில் வந்தபின் புக் பண்ணுங்கள். அப்படிப் பண்ணினால் அந்தத் தொகைக்குப் பங்கீடு கிடையாது, புக் செய்த ரேட்டே ரேட் என்று பார்ட்டியிடம் முன்பே பேசிவிடுங்கள்.

கொட்டேஷனில் இப்படிப் போடுங்கள்: "விலையில் 20,000 யூரோ இறக்குமதிப் பகுதி. அடிப்படை ரேட் ரூ.100. ஒவ்வொரு தவணையும் அனுப்பும் நாளின் எஃப்.பி.ஐ.எல். ரேட் 98-க்குக் கீழோ 102-க்கு மேலோ போனால், தாண்டிய வித்தியாசம் இருவருக்கும் சமபங்கு."