மெக்கானிக்கலும் வேண்டும், டேட்டாவும் வேண்டும்

"அண்ணா பல்கலையோடு இணைந்த கல்லூரியில் மெக்கானிக்கல் நான்காம் செமஸ்டர் படிக்கிறேன். ஓரகடம் பக்கம் கார் கம்பெனி வேலைக்கும் ஆசை, டேட்டா அனலிடிக்ஸுக்கும் ஆசை. அடுத்த செமஸ்டரில், சொந்தத் துறையோடு வேறொரு துறையின் பாடங்களையும் கூடுதலாகப் படிக்கும் மைனர் டிகிரி எடுக்கலாம் என்கிறார்கள். மாணவர்களே வண்டி கட்டிப் போட்டிக்குக் கொண்டுபோகும் பாஹா கிளப்பிலும் இருக்கிறேன். எதை விடுவது?"
- ஒரு வாசகர், தாம்பரம்

இப்போதைக்கு எதையும் விட வேண்டாம். ஆனால் முதலில் மைனரின் கணக்கைப் பாருங்கள். 2021 ரெகுலேஷன்படி கூடுதலாக 18 கிரெடிட் எடுக்க வேண்டும், அதாவது மூன்று கிரெடிட் பாடங்கள் ஆறு. எட்டாம் செமஸ்டர் பிராஜெக்டுக்குப் போய்விடும் என்பதால், ஐந்து, ஆறு, ஏழாம் செமஸ்டர்களில் செமஸ்டருக்கு இரண்டு பாடம் கூடும். பல கல்லூரிகளில் இந்த வகுப்புகள் மாலையில்தான் நடக்கும். காலேஜ் பஸ் போன பிறகு வீடு திரும்ப வழி இருக்கிறதா என்பதையும் யோசியுங்கள், சின்ன விஷயமில்லை.

பிசினஸ் டேட்டா அனலிடிக்ஸ் மைனரில் உள்ள ஆறு பாடங்களும் உங்களுக்கு ஒரே அளவு பயன்படாது. புள்ளியியல் பாடமும், ஆபரேஷன், சப்ளை செயின் அனலிடிக்ஸும் இரண்டு பக்கமும் உதவும். தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டில் கன்ட்ரோல் சார்ட் போடுவதும் புள்ளியியல்தானே! எச்.ஆர். அனலிடிக்ஸ் போன்றவை உங்களுக்குப் பெரும்பாலும் கிரெடிட்டை நிரப்பத்தான். அதனால் ஐந்தாம் செமஸ்டரில் புள்ளியியலை எடுத்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்தலாம். பாதியில் நிறுத்தினால் முடித்த பாடம் எப்படிக் கணக்காகும் என்று, பதிவு செய்யும் முன்பே துறையில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் கிளப். நீங்கள் வெல்டிங் குழுவிலோ சஸ்பென்ஷன் குழுவிலோ இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்த வருடம் வண்டியின் செலவைக் கணக்கிடும் காஸ்ட் ரிப்போர்ட் வேலையைக் கேட்டு வாங்குங்கள். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், போட்டிக்கு முந்தைய வாரம் வரை அதைத் தொட ஆளிருக்காது! ஓட்டுபவரைக் காக்கும் குழாய்க் கூடான ரோல் கேஜில் ஒரு குழாயை எடுத்துக்கொள்ளுங்கள்: எத்தனை மீட்டர், மீட்டர் என்ன விலை, வெட்ட, வளைக்க, வெல்டிங் செய்ய எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றையும் எக்செல்லில் எழுத வேண்டும். முழு வண்டிக்கும் இப்படிச் செய்தால் நூற்றுக்கணக்கான வரிகள் வரும். எந்த பாகம் அதிகச் செலவு வைக்கிறது என்று அதிலிருந்தே ஒரு சார்ட் போடுங்கள். கார் கம்பெனி நேர்காணலில் அது உற்பத்திச் செலவு பற்றிய பேச்சு, அனலிடிக்ஸ் நேர்காணலில் நீங்களே திரட்டிய டேட்டா.

ஒரு எல்லை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் பல நிறுவனங்கள் நிலுவையில் அரியர் இருந்தால் உள்ளேயே விடுவதில்லை. ஐந்தாம் செமஸ்டரின் முதல் இன்டர்னல் மதிப்பெண் வந்ததும் பாருங்கள். டிசைன், தெர்மல் போன்ற துறைப் பாடங்களில் வழக்கத்தைவிடச் சறுக்கியிருந்தால், ஆறாம் செமஸ்டரில் மைனர் பாடம் எடுக்காதீர்கள். காஸ்ட் ரிப்போர்ட்டை மட்டும் கைவிட வேண்டாம்.