ஆவணத்துல இல்லாததை சாட்பாட் அடிச்சு விடாம இருக்க என்ன பண்ணலாம்?

கேள்வி: பாலிசி பிடிஎஃப்களை வெச்சு ஒரு சாட்பாட் பண்ணிருக்கேன். "பதில் இல்லன்னா தெரியலன்னு சொல்லு"ன்னு ப்ராம்ப்ட்ல போட்டும், இல்லாத விஷயத்துக்கெல்லாம் தைரியமா பதில் சொல்லுது. எப்படி சரி பண்றது?

தெரியுமா தெரியாதாங்கிற முடிவை மாடல் கையில விடாதீங்க. பதிலுக்கு ஆதாரமான வரியை முதல்ல அப்படியே எடுத்து எழுதச் சொல்லுங்க, அந்த வரி நீங்க குடுத்த பத்தியில நிஜமாவே இருக்கான்னு உங்க பைத்தான் கோடு பாக்கட்டும், இல்லன்னா "இதுல இல்ல"ன்னு கோடே சொல்லிரட்டும்.

நான் ஒரு ஃபேக்டரிக்கு லீவு, சம்பள விதிகளுக்கு இதே மாதிரி ஒன்னு பண்ணேன். கையேடு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் இருந்துச்சு. ஒருத்தர் "குழந்தை பிறந்தா அப்பாவுக்கு எத்தனை நாள் லீவு"ன்னு கேட்டாரு. பாட் "15 நாள்"னு சொல்லிருச்சு, அவரும் அதை நம்பி ஊருக்கு டிக்கெட் போட்டு வெச்சுட்டாரு, லீவு லெட்டர் குடுத்தப்பதான் அப்படி ஒரு லீவே கையேட்டுல இல்லன்னு தெரிஞ்சுது. எனக்கு அன்னைக்கு தூக்கமே வரல. லாகை எடுத்துப் பாத்தா தேடல் கொண்டு வந்த நாலு பத்தியில முதல் பத்தி மகப்பேறு விடுப்பு, 26 வாரம். அப்போ இந்த 15 எங்கிருந்து வந்துச்சு? மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு, மாடல் படிச்ச இன்டர்நெட்ல அந்த விஷயம் நிறைய இடத்துல இருக்கும். தனியார் கம்பெனிக்கு அப்படி சட்டக் கட்டாயம் எதுவும் கிடையாது. கையேட்டுல இருந்த ஓட்டையை மாடல் தன் ஞாபகத்துல இருந்து அடைச்சிருச்சு.

இதுல முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது, வெக்டர் தேடல், அதாவது கேள்விக்கு அர்த்தத்துல கிட்டத்துல இருக்கிற பத்தியை எடுக்கிற தேடல், "ஒன்னும் கிடைக்கல"ன்னு தானா சொல்லாது. நாலு கேட்டா நாலு குடுக்கும், இருக்கிறதுலயே கிட்டத்துல இருக்கிற நாலு. சரி, எவ்வளவு கிட்டங்கிற ஸ்கோர் கம்மியா இருந்தா நிறுத்திரலாம்னு எல்லாருக்கும் தோணும், நானும் அதைத்தான் முதல்ல பண்ணேன், ஆனா நீங்க பயப்படுற கேள்விக்கு அது உதவாது. ஏன்னா ஸ்கோர் சொல்றது "ஒரே விஷயத்தைப் பத்தி பேசுதா"ங்கிறது மட்டும்தான், "பதில் இதுல இருக்கா"ங்கிறது இல்ல. குழந்தை, பிறப்பு, லீவு, எத்தனை நாள், எல்லாமே மகப்பேறு பத்தியோட அழகா ஒட்டும். அதே நேரம் பதில் கையேட்டுல இருக்கிற கேள்வியை ஒருத்தர் கொச்சையா டைப் பண்ணா ஸ்கோர் அதைவிடக் கீழ போயிரும். கிரிக்கெட் ஸ்கோர் கேக்கிற மாதிரி சம்பந்தமே இல்லாத கேள்வியைத் தள்ளிவிட மட்டும் அந்த வரம்பை வெச்சுக்கோங்க.

அடுத்தது, மாடல் பதில் தர்ற வடிவம். நான் வெச்சிருக்கிறது இதான்:

```json
{"quote": "", "answers_question": false, "answer": ""}
```

இந்த வரிசை முக்கியம். மாடல் ஒவ்வொரு சொல்லா முன்னாடி எழுதினதை வெச்சுதான் அடுத்ததை எழுதுது, அதனால `answer` முதல்ல வந்தா பதிலை முடிவு பண்ணிட்டு அதுக்குத் தோதா ஒரு வரியைத் தேடிப் பிடிக்கும். `quote` முதல்ல வந்தா வரியைப் பாத்துட்டு பதில் எழுதும். வரி கிடைக்கலன்னா காலியா விடுன்னு தெளிவா சொல்லிருங்க, காலியா விட்ட ஒரு உதாரணமும் ப்ராம்ப்ட்ல வைங்க, வெறும் கட்டளையைவிட அந்த ஒரு உதாரணம் நல்லா வேலை செய்யுது. அப்புறம் கோடு:

```python
import re, unicodedata

def norm(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    return re.sub(r"\s+", " ", s).strip()

def grounded(quote, passages):
    q = norm(quote)
    return len(q) > 20 and any(q in norm(p) for p in passages)
```

அந்த `NFC` வரியை விட்டுறாதீங்க, எனக்கு ரெண்டு நாள் போச்சு அதுல. தமிழ்ல "கொ"ங்கிறதுல வர்ற கொம்பும் காலும் ஒரே குறியீடாவும் இருக்கலாம், ரெண்டு தனித்தனி குறியீடாவும் இருக்கலாம், திரையில ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பிடிஎஃப்ல இருந்து எடுத்த டெக்ஸ்ட் ஒரு விதம், மாடல் எழுதுறது இன்னொரு விதம்னு இருந்தா சரியான வரியைக்கூட கோடு "இல்ல"ன்னு தள்ளிரும், `NFC` ரெண்டையும் ஒரே விதமாக்கிரும். 20 எழுத்து வரம்பு எதுக்குன்னா, "26 வாரம்"னு மட்டும் எடுத்துக் குடுத்தா அது யாருக்கான விடுப்புன்னே தெரியாது, முழு வாக்கியம் வேணும்.

இதோட 15 நாள் மாதிரி ஞாபகத்துல இருந்து வர்றது பெரும்பாலும் நின்னுரும். ஆனா இன்னொரு தப்பு இருக்கு. மகப்பேறு வரியையே அட்சரம் பிசகாம எடுத்துக் குடுத்துட்டு அப்பாவுக்கும் 26 வாரம்னு சொல்றது. வரி இருக்கு, கேள்விக்கான வரி இல்ல. `answers_question` அதுக்காகத்தான் வெச்சேன், ஆனா எழுதின மாடலே தன்னைத் திருத்துறது நம்பகமா இல்ல. அதனால ரெண்டாவதா ஒரு தனி அழைப்பு வெச்சேன், அதுக்கு கேள்வியும் அந்த எடுத்த வரியும் மட்டும்தான் போகும், மத்த பத்தியும் போகாது பதிலும் போகாது. "இந்த வரியை மட்டும் படிச்ச ஒருத்தரால இந்தக் கேள்விக்கு பதில் சொல்ல முடியுமா, கேள்வியில இருக்கிற ஆளும் வரியில இருக்கிற ஆளும் ஒன்னா"ன்னு கேக்கிறேன். சின்ன மாடலே இதுக்குப் போதும். பதில் ரெண்டு மூனு பத்தியில பிரிஞ்சு கிடந்தா மட்டும் ஒத்தை வரி பத்தாது, `quote`ஐ லிஸ்ட்டா மாத்தி எல்லா வரியையும் சேத்து அனுப்பணும்.

இன்னொன்னு, இதை நான் ரொம்ப லேட்டாதான் கவனிச்சேன். மேல சொன்னதெல்லாம் போட்டதும் பாட் "தந்தைமை விடுப்பு கிடையாது"ன்னு சொல்ல ஆரம்பிச்சுது. அதுவும் தப்புதாங்க. கையேட்டுல இல்லங்கிறது வேற, கம்பெனியில கிடையாதுங்கிறது வேற, ஒரு சுற்றறிக்கையில தனியா வந்திருக்கலாம். அதனால மறுப்பு வாசகத்தை மாடலை எழுத விடாம நானே எழுதி வெச்சேன்: "இந்தக் கையேட்டில் இதைப் பற்றிய தகவல் கிடைக்கவில்லை. தொடர்புள்ள பகுதி: மகப்பேறு விடுப்பு, பக்கம் 14. உறுதி செய்ய மனிதவளப் பிரிவைக் கேளுங்கள்." தலைப்பும் பக்க எண்ணும் பத்தியோட சேத்து வெச்ச தகவல்ல இருந்து நேரா வருது.

டெஸ்ட் பண்ண ஒரு சுலபமான வழி இருக்கு. பதில் இருக்கிற 50 கேள்வி எழுதுங்க. ஒவ்வொன்னுக்கும் பதில் இருக்கிற பத்தியை மட்டும் இன்டெக்ஸ்ல இருந்து எடுத்துட்டு (வேற பத்தியிலயும் அதே தகவல் இருந்தா அதையும்) அதே கேள்வியைக் கேளுங்க. அக்கம்பக்கத்துப் பத்தியெல்லாம் அப்படியே இருக்கும், பதில் மட்டும் இருக்காது, இதைவிடக் கஷ்டமான பரீட்சை கையால எழுதுறது சிரமம். 2018ல ஸ்டான்ஃபோர்ட்காரங்க SQuAD 2.0ங்கிற கேள்வி-பதில் டேட்டாசெட்டை வெளியிட்டப்ப இதே காரணத்துக்காகத்தான் பதில் இருக்கிற மாதிரியே தோணுற, ஆனா பதில் இல்லாத கேள்வி 50,000க்கு மேல ஆளுங்களை வெச்சு எழுதிச் சேத்தாங்க. ரெண்டு எண்ணிக்கையைத் தனித்தனியா வெச்சுக்கோங்க, பத்தியை எடுத்தப்புறமும் பதில் சொன்னது எத்தனை, பத்தி இருந்தும் மறுத்தது எத்தனை. ஒன்னா கூட்டி ஒரே சதவீதமாக்கினா எது கெட்டுப்போச்சுன்னே தெரியாது, எல்லாத்துக்கும் மறுக்கிற பாட்கூட அதுல பாதி மார்க் வாங்கிரும்.

பத்தி இருந்தும் மறுக்குதுன்னா உடனே ப்ராம்ப்டைத் தளர்த்தாதீங்க, அந்தக் கேள்விக்கு என்னென்ன பத்தி வந்துச்சுன்னு முதல்ல பாருங்க. என் விஷயத்துல நிறைய மறுப்பு ஒரே அட்டவணையால வந்துச்சு. தற்செயல் விடுப்பு, நோய் விடுப்புன்னு தலைப்பு வரிசை ஒரு துண்டுலயும் எண்ணெல்லாம் அடுத்த துண்டுலயும் வெட்டுப்பட்டிருந்துச்சு, "12"ங்கிறது எந்த லீவுன்னு மாடலுக்குத் தெரிய வழியே இல்ல, அதனால மறுத்தது சரிதான். ஒவ்வொரு வரிசைக்கும் தலைப்பைச் சேத்து "தற்செயல் விடுப்பு: ஆண்டுக்கு 12 நாள்"னு வாக்கியமா மாத்தி இன்டெக்ஸ் பண்ணதும் அந்த மறுப்பெல்லாம் தானா போயிருச்சு.