கேமரா வாங்கிய செலவை வரியில் கழிக்கலாமா? அமெரிக்க வாசகர்களின் கேள்விகள்

நியூ ஜெர்சியில் மென்பொருள் வேலை. வார இறுதிகளில் வளைகாப்பு, பிறந்தநாள் விழாக்களைப் படம் எடுக்கிறேன். சென்ற ஆண்டு 4,000 டாலர் வந்தது. கேமரா, லென்ஸ், பயணம் என்று 11,000 டாலர் போயிற்று. நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாமா?

தொழில் என்று நிற்குமானால் கழிக்கலாம். நஷ்டம் 7,000 முழுவதும் அந்த ஆண்டிலேயே கழிகிறது, உங்கள் வரி அடுக்கு 22 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்: கூட்டரசு வரியில் 1,540 டாலர் மிச்சம். பொழுதுபோக்கு என்று முடிவானால் வந்த 4,000க்கும் வரி, அதாவது 880 டாலர். கேமரா, பயணச் செலவில் ஒரு டாலர்கூடக் கழியாது. முன்பு வருமானத்தின் அளவுக்காவது ஓரளவு கழிக்க முடிந்தது. 2018 முதல் அந்த வழி அடைபட்டது, 2025 சட்டம் அதை நிரந்தரமாகவே அடைத்துவிட்டது.

லாபம் சம்பாதிக்கும் எண்ணம் உண்மையில் இருந்ததா என்பதே கேள்வி. இதற்கு வரி விதிகள் ஒன்பது அம்சங்களைப் பார்க்கச் சொல்கின்றன. எந்த ஒன்றும் தனியாகத் தீர்ப்பு எழுதுவதில்லை. உங்களுக்கு எதிராக இரண்டு நிற்கின்றன: கைநிறையச் சம்பளம், வேலையில் கிடைக்கும் இன்பம். விரும்பிச் செய்வதாலேயே அது பொழுதுபோக்கு ஆகிவிடாது என்றும் விதியே சொல்கிறது. ஆனால் தனி வங்கிக் கணக்கு இல்லை, ரசீதுகள் பையில் கசங்கிக் கிடக்கின்றன என்றால் அதிகாரியிடம் காட்ட என்ன இருக்கிறது? நான் முதலில் கேட்பது இதைத்தான்: நஷ்டம் வந்த பிறகு எதை மாற்றினீர்கள்? ஒரு விழாவுக்கு 200 டாலர் வாங்கியவர், கணக்குப் பார்த்து 450 ஆக்கி, தொலைதூர அழைப்புகளை மறுத்திருந்தால், அந்தப் பழைய விலைப்பட்டியலும் புதிய விலைப்பட்டியலும் பத்துப் பக்க விளக்கத்தைவிட வலுவான சாட்சி.

ஐந்து ஆண்டில் மூன்று ஆண்டு லாபம் காட்டாவிட்டால் தொழில் இல்லையாமே?

பலரும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கும் விதி இது. மூன்று ஆண்டு லாபம் இருந்தால் தொழில் என்ற அனுமானம் உங்கள் பக்கம் வருகிறது. அதை உடைக்கும் பொறுப்பு ஐ.ஆர்.எஸ்.ஸுடையது. இல்லாவிட்டால் நீங்கள் நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். குதிரை வளர்ப்பு, பந்தயக் குதிரைகளுக்கு ஏழு ஆண்டில் இரண்டு போதும். மூன்றாவது லாபத்துக்காக டிசம்பர் பில்லை ஜனவரிக்குத் தள்ளிப் பத்து டாலர் லாபம் காட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய நஷ்டங்களுக்கு நடுவே அந்தப் பத்து டாலரைப் பார்க்கும் அதிகாரி புன்னகைக்கத்தான் செய்வார்.

காதணி செய்து விற்கிறேன். பொழுதுபோக்கு என்றே ஒப்புக்கொள்கிறேன். மணி, கம்பி வாங்கிய பணமும் போயிற்றா?

இல்லை. விற்ற பொருளின் அடக்கவிலை என்பது செலவுக் கழிவு அல்ல. வருமானத்தைக் கணக்கிடும்போதே விற்பனைத் தொகையிலிருந்து குறைக்கப்படுவது. 900 டாலருக்கு விற்று, விற்ற காதணிகளுக்கு 350 டாலர் மூலப்பொருள் ஆகியிருந்தால் வருமானம் 550. சந்தையில் மேசை போட்ட வாடகையைக் கழிக்க முடியாது. ஒரு சின்ன ஆறுதலும் உண்டு: தொழில் லாபத்தின் மீது விழும் 15.3 சதவீத சுயதொழில் வரி பொழுதுபோக்கு வருமானத்துக்குக் கிடையாது.